கீஷ் தண்ணீர் விடாமல் இறுக: 190 டிகிரியா, 160 டிகிரியா?

கீஷ் என்பது மாவு ஓட்டுக்குள் முட்டை, பால் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் பண்டம். ஒரே அளவில் இரண்டு பாலக்கீரை கீஷ் செய்து பார்த்தேன். 23 செ.மீ. தட்டு, முன்பே தனியாகச் சுட்டு எடுத்த மாவு ஓடு, 3 முட்டை, 150 மி.லி. பால், 150 மி.லி. கிரீம். ஒன்றை 190 டிகிரியில் வைத்தேன், மற்றதை 160-இல்.

190-இல் வைத்தது அரை மணி நேரத்தில் உப்பி, மேலே பொன்னிறமாகி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறியதும் அமுங்கியது. வெட்டினால் உள்ளே இட்லி போலப் பொடிப்பொடி ஓட்டைகள், அவற்றில் தண்ணீர். முட்டையின் புரதம் வலைபோல் பின்னி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சூடு மிஞ்சினால் அந்த வலை இறுகி, பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். இந்தக் கலவை 80 டிகிரிக்குச் சற்று முன்பே இறுகிவிடும், 85-ஐத் தாண்டினால் திரியத் தொடங்கும். நடுப்பகுதி வேகும்வரை காத்திருந்தால், சூடான ஓவனில் ஓரம் அந்த எல்லையை எப்போதோ கடந்திருக்கும்.

160-இல் வைத்ததற்கு 45 நிமிடம் ஆனது. நிறம் கொஞ்சம் வெளிறல்தான், ஆனால் கத்தி வழவழப்பாக இறங்கியது. ஓரம் இறுகி, நடுவில் ஒரு உள்ளங்கை அளவு மட்டும் தட்டை அசைத்தால் ஜெல்லி போல ஆடும்போது எடுத்துவிட்டேன். மிச்சத்தை உள்சூடே பார்த்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

கிரீம் வேண்டாம், பால் மட்டும் போதும் என்பவர்களுக்கு 190 இன்னும் ஆபத்து. கிரீமில் இருக்கும் கொழுப்பு புரதங்கள் நெருங்கிச் சேர்வதைத் தடுக்கும், பாலில் அந்தக் காவல் குறைவு. அப்போது ஒரு கப் பாலுக்கு 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளவரைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்க்கலாம். சூடு கொஞ்சம் கூடினாலும் திரியாது. ஆனால் வாயில் லேசாக மாவு தட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓவனை நம்ப முடியாத வீட்டில் மட்டும் செய்வேன்.

தண்ணீர் ஓட்டைகளில் இல்லாமல் அடியில் தேங்கி மாவு ஓடு நனைந்திருந்தால், பெரும்பாலும் குற்றவாளி முட்டை அல்ல, காய்தான். கீரையை வதக்கி, ஆறவைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். காளான் என்றால் அது விடும் தண்ணீர் முழுக்க வற்றி, வாணலியில் ஒட்டத் தொடங்கும்வரை வதக்குங்கள்.

மாவு ஓடு இல்லாத இத்தாலிய முட்டை அடையான ஃப்ரிட்டாட்டாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் பால் குறைவு என்பதால் கீஷை விடச் சீக்கிரமாகவும் குறைந்த சூட்டிலும் இறுகிவிடும். அடுப்பில் சிறு தீயில் ஓரம் பிடித்ததும் ஓவனுக்கு மாற்றி, மேல்பக்கம் இன்னும் ஈரமாய் மின்னும்போதே எடுத்துவிடுங்கள்.