ஒரே செய்யுள் ஓதல், மூன்று ஃபிரேம்கள்: எதை வெட்டுவது, எழுத்தை எங்கே வைப்பது?

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே 4கே அளவில், அதாவது 3840 × 2160 பிக்சலில், பதிவான ஓர் ஆசிரியப்பா ஓதலை எடுத்துக்கொள்வோம். ஓதும் அம்மையார் ஃபிரேமின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறார். வலப்பக்கம் முழுவதும் மலைச்சரிவு. இதை அகலத்திரை, செங்குத்து, சதுரம் என மூன்று வடிவங்களில் சப்டைட்டிலுடன் வெளியிட வேண்டும். மலையைச் சொல்லும் அடி வரும்போது அவர் கை சரிவை நோக்கி நீள்கிறது. அகலத்திரைக்கு இந்தப் பதிவை அப்படியே 1920 × 1080 ஆகக் குறைத்தால் போதும். சிக்கல் செங்குத்து வடிவத்தில்தான் தொடங்குகிறது.

9:16 வடிவத்துக்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. முதலாவது, முழுப் படத்தையும் நடுவில் சிறிதாக வைத்து, மேலும் கீழும் மங்கலாக்கிய படத்தால் நிரப்புவது. எதுவும் வெட்டுப்படாது என்பது உண்மைதான். ஆனால் 1080 × 1920 திரையில் படத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 608 பிக்சல் மட்டுமே என்பதால், ஓதுபவரின் முகபாவம் கைபேசியில் தெரியாமல் போகிறது. கீழே காலியாக இருக்கும் 656 பிக்சல் பட்டை சப்டைட்டிலுக்கு உதவும் என்று நினைப்பதும் தவறு. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா தரும் பரிந்துரைப்படி மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் பக்கங்களில் 6 சதவீதமும் விட வேண்டும். கீழ் 35 சதவீதம் என்பது 672 பிக்சல். அந்தப் பட்டை முழுவதும் கணக்கின் பெயருக்கும் விளக்கக் குறிப்புக்கும் அடியில் போய்விடுகிறது.

இரண்டாவது, கை நீளும்போது ஃபிரேமும் உடன் நகரும்படி கீஃபிரேம் வைப்பது. நடனத்துக்கு இது பொருந்தும். ஓதலில் பார்ப்பவரின் கண் முகத்துக்கும் எழுத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. பின்னணி நகர்ந்தால் வாசிப்பு தடுமாறும்.

மூன்றாவது, வெட்டி எடுக்கும் பகுதியை நகராத ஒரே சாளரமாக வைப்பது. உயரம் 2160 என்றால் அகலம் 1216 பிக்சல். இதைப் படத்தின் நடுவில் வைத்தால் இடமிருந்து 1312ஆம் பிக்சலில் தொடங்கும். அம்மையாரின் தோள்கள் 1030 முதல் 1530 வரை இருப்பதால் உடல் பாதியாக வெட்டுப்படும். அவரைச் சரியாக நடுவில் வைத்தாலோ சாளரம் 1888இல் முடிந்து, 2000 வரை நீளும் விரல்களை அறுத்துவிடும். ஆகவே முழு ஓதலையும் ஒருமுறை ஓடவிட்டு, படத்தில் இடப்பக்கமாகத் தெரியும் தோளின் எல்லையையும் கை அதிகமாக நீளும் கணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவுக்கு 860இல் தொடங்கும் சாளரம் இரண்டையும் ஏற்கிறது. அவர் சற்று இடப்பக்கம் தள்ளி நிற்பார். கை நீளும் திசையில் வெளி இருப்பதால் அது குறையாகத் தெரியாது. என் தேர்வு இதுவே. பதிவு 1080 உயரத்தில் மட்டும் இருந்தால் இந்தச் சாளரம் 608 பிக்சலாகச் சுருங்கி, பெரிதாக்கும்போது முகம் மசமசவென்றாகும். அப்போது முதல் வழியைத் தவிர வேறில்லை.

சதுரத்துக்கு 2160 × 2160 சாளரம் என்பதால் இத்தனை கணக்கு வேண்டாம். 400இல் தொடங்கினால் ஆளும் கையும் சரிவின் ஒரு பகுதியும் அடங்கிவிடுகின்றன.

சப்டைட்டிலை முதலில் அகலப் படத்தில் பதித்துவிட்டுப் பிறகு வெட்டுவது விரைவான வழிதான், ஆனால் அடியின் முதற்சீரும் ஈற்றுச்சீரும் காணாமல் போகும். வெட்டிய பிறகு வடிவத்துக்கு ஒரு சப்டைட்டில் கோப்பாகப் பதிப்பதே சரி:

```
ffmpeg -i odhal.mp4 -vf "crop=1216:2160:860:0,scale=1080:1920,setsar=1,ass=uyaram.ass" -c:a copy uyaram.mp4
```

இந்த வரிசை முக்கியம்: `crop` முன்னே, `ass` பின்னே. `uyaram.ass` கோப்பில் `PlayResX: 1080`, `PlayResY: 1920` என்று எழுதினால், கீழ் ஓர இடைவெளியைக் குறிக்கும் `MarginV` மதிப்பாக 672 கொடுக்கும்போது அது உண்மையிலேயே 672 பிக்சலாகிறது. எஸ்ஆர்டி கோப்பை நேராகக் கொடுத்தால் உயரம் 288 அலகாகவே கொள்ளப்படுவதால், அதே எண் எழுத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும்.

அகலத்திரையில் பக்கத்துக்கு 5 சதவீதமாக 96 பிக்சல் விட்டாலும் 1728 மிஞ்சுகிறது. நாற்சீரடி ஒரே வரியில் அமரும். செங்குத்தில் இருப்பது 950 மட்டுமே. படிக்கத்தக்க அளவில் நாற்சீர் அதில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவதைவிட இரண்டு சீருக்கு ஒரு வரியாகப் பிரிப்பது நல்லது. இந்தப் பிரிவை நாமே வரியை முறிக்கும் `\N` இட்டுச் செய்ய வேண்டும். மென்பொருளிடம் விட்டால் மூன்று சீர் மேலேயும் ஒன்று கீழேயும் விழுந்து ஓசை குலையக்கூடும். இரு வரிகளுக்கிடையே இடம் போதுமா என்பதை, மேல்வரியில் ‘கூ’, ‘மு’ போன்றவை வந்து அதன் நேர்கீழே புள்ளியெழுத்து நிற்கும் அடியில் பார்த்தால் உடனே தெரியும்.

மலைப்பதிவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதி ஓதலில் மஞ்சு ஏறினால் பின்னணி வெளுத்து, வெள்ளை எழுத்து கரைந்துவிடும். கருப்பு விளிம்பு மட்டும் போதாது. பாதி ஒளி ஊடுருவும் கரும்பட்டை வேண்டும். செங்குத்தில் எழுத்தின் ஒரு பகுதி அம்மையாரின் சேலைமேல் விழுவதால் இந்தத் தொல்லை குறைவு. அகலத்திரையில்தான் வரி சரிவின்மேல் நீண்டு கிடக்கிறது. ஆகவே பட்டையின் அடர்த்தியை அகலத்திரையில், மஞ்சு மிகுந்த கணத்தில் நிறுத்திவைத்து முடிவு செய்து, அதே அடர்த்தியை மற்ற இரண்டுக்கும் கொடுக்கலாம்.