விந்தில் ஒரு முறை ரத்தம்: விட்டுவிடுவதா, சோதிப்பதா, ஸ்கேனுக்கு ஓடுவதா?

திருப்பூரில் வேலை பார்க்கும் 27 வயது இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. ஓர் ஞாயிறு இரவு, விந்தில் சிவப்பு கலந்திருப்பதைப் பார்க்கிறான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் வழக்கமான நிறத்தில்தான் போகிறது. ஆனாலும் அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். ஒரு மருத்துவரைப் பார்த்து எளிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். நேராக ஆய்வகத்துக்குப் போய், புற்றுநோய் ரத்தப் பரிசோதனை முதல் ஸ்கேன் வரை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இவன் வயதுக்கு நடுவழிதான் சரி என்பது என் கருத்து. முதல் வழியும் அவ்வளவு மோசமில்லை. பலரும் பொறுப்பான வழி என்று நம்பும் மூன்றாவதுதான் இவனைக் குழியில் தள்ளும்.

விட்டுவிடலாம் என்பதற்கு உள்ள நியாயத்தை முதலில் பார்ப்போம். ஒரு முறை வெளியேறும் விந்து சுமார் 1.5 முதல் 5 மில்லி வரை இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப்பைகளில் சுரக்கும் நீர். மிச்சத்தில் பெரும்பகுதி, சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி தருவது. விரைகளிலிருந்து வருவது மிகச் சிறிய பங்குதான். இந்தச் சுரப்பிகளின் உட்சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. சிறு அழற்சியோ விந்து வெளியேறும்போது ஏற்படும் அழுத்தமோ போதும், ஒன்றிரண்டு குழாய்கள் கசியும். இத்தனை குறைந்த நீரில் சில துளி ரத்தம் கலந்தாலே முழுவதும் சிவந்து தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், இழந்த ரத்தமோ பல் துலக்கும்போது ஈறிலிருந்து வருகிற அளவுதான்.

நாற்பது வயதுக்குக் கீழே, வேறு அறிகுறி எதுவும் இல்லாமல், ஒரு முறை இப்படி வந்தால், பெரும்பாலோருக்குக் காரணமே கண்டுபிடிக்கப்படாமல் தானாகவே நின்றுவிடுகிறது. கண்டுபிடிக்க முடிகிற காரணங்களில் முதலிடம் தொற்றுக்கும் அழற்சிக்கும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: கசிவு நின்ற பிறகும் நிறம் உடனே போகாது. விந்துப்பையில் தேங்கிய ரத்தம் பழையதாகி, அடுத்தடுத்த முறைகளில் செம்பழுப்பாக, துரு நிறத்தில் வரும். சில வாரங்கள்கூட இது நீடிக்கலாம். இதைத் தெரியாதவர்கள், “நோய் முற்றுகிறது, நிறம் கறுக்கிறது” என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் பழுப்பாவது பழைய ரத்தம் வெளியேறுகிறது என்பதற்கான அடையாளம்.

இங்கே நம் ஊர்ப் பயம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்தாகிறது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. “விந்து தீர்ந்துபோய் ரத்தம் வருகிறது” என்று சொல்லி லேகியம் விற்பவர்களுக்கு இது வசதி. மேலே சொன்ன சுரப்பிகளின் கணக்கைப் பார்த்தாலே இதில் பொருளில்லை என்பது புரியும். சுய இன்பம் சுரப்பிகளைத் தீர்த்துவிடுவதில்லை.

அப்படியானால் விட்டுவிட்டால் போதாதா? போதாமல் போவது சில இடங்களில்தான். பால்வினைத் தொற்றான கிளமிடியா வலியே இல்லாமல் இருக்கக்கூடும். மிக உயர்ந்த ரத்தக் கொதிப்பும் சில நேரம் விந்தில் ரத்தமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். 27 வயதில் யாரும் தாமாகப் போய் ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்வதில்லை. நம் நாட்டில் காசநோயையும் மறந்துவிட முடியாது. புராஸ்டேட்டிலும் விந்துப்பையிலும் அது குடியேறக்கூடும். வீட்டில் காசநோய் இருந்தவர்கள், எடை குறைந்துகொண்டே வருபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி இந்த ஓட்டைகளை அடைக்கிறது. மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, ரத்தம் உண்மையிலேயே விந்தில்தான் இருந்ததா என்பது. துணையின் மாதவிடாய் ரத்தமாகவோ தோலில் ஏற்பட்ட கீறலாகவோகூட இருக்கலாம். ஐயம் இருந்தால் ஆணுறையில் சேகரித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறானா, அண்மையில் அடிபட்டதா என்றும் கேட்பார். பிறகு ரத்தக் கொதிப்பு அளவிடுவார், விரைகளைக் கையால் தொட்டுப் பார்ப்பார். இந்தக் கடைசிப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். கூச்சத்தில் இதைத் தவிர்க்கக் கூடாது. இந்த வயது ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முக்கியமானது விரைப் புற்றுநோய்தான், அது முதலில் தட்டுப்படுவது விரல் நுனியில்.

அடுத்தது சிறுநீர். காலையில் முதலில் வரும் சிறிதளவு சிறுநீர் பால்வினைத் தொற்றுக்கான பி.சி.ஆர் சோதனைக்கு. நடுவில் வருவது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். இரண்டையும் ஒரே குப்பியில் பிடித்தால் சோதனை குழம்பும். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்த அணுக்கள் இருந்தால் கதை மாறும். அப்போது தேட வேண்டியது சிறுநீர்ப்பாதையை. முடிவு வரும்வரை ஆணுறையோடு உறவு வைத்துக்கொள்வது நல்லது. தொற்று உறுதியானால் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் விழுங்குவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. என்ன கிருமி என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்தால் கல்ச்சரும் உதவாது.

மூன்றாவது வழிக்கு வருவோம். நம் இளைஞன் தானாகவே பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொள்கிறான் என்று வையுங்கள். புராஸ்டேட் புற்றுநோயைத் தேடச் செய்யும் இது, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. சிறு அழற்சி இருந்தாலே ஏறும், முந்தைய நாள் விந்து வெளியேறியிருந்தாலும் சற்று ஏறும். ஆய்வகத் தாளில் வழக்கமான எல்லை 4 என்றிருக்க, அவனுக்கு 6 என்று தடித்த எழுத்தில் வருகிறது. நாற்பதுக்குக் கீழே புராஸ்டேட் புற்றுநோய் மிகமிக அரிது. ஆனால் அந்த 6 அவனை விடாது. மலக்குடல் வழியே அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். அதில் சிறிய சுண்ணாம்புப் படிவோ நீர்க்கட்டியோ தெரிகிறது. எந்தத் தொல்லையும் இல்லாத ஆண்களிடமும் இவை தெரியும். இப்போது அவனிடம் இரண்டு தாள்கள், இரண்டு பயங்கள். இன்னும் ஓர் அடி போனால் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசியால் திசு எடுப்பது. அந்த ஊசிப் பரிசோதனைக்குப் பிறகு பல வாரங்கள் விந்தில் ரத்தம் வரும் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஸ்கேனே வீண் என்று சொல்லவில்லை. ஆள் மாறினால் கணக்கு மாறும். இதே ரத்தம் 52 வயதுக்காரருக்கு வந்தால் பி.எஸ்.ஏ.யும் யூராலஜிஸ்ட்டும் முதல் நாளே தேவை. நம் இளைஞனுக்கும்கூட, மீண்டும் மீண்டும் புதுச் சிவப்பாக வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல், விரையில் கட்டி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று எது சேர்ந்தாலும், மருத்துவர் சொல்படி அடுத்தகட்டச் சோதனைகளுக்குப் போக வேண்டியதுதான். காய்ச்சலோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றே போக வேண்டும்.

அவனுக்குச் சிறுநீரும் ரத்தக் கொதிப்பும் விரைகளும் சரியாக இருந்தால், மருத்துவர் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அடுத்த சில முறை நிறத்தைக் கவனிக்கச் சொல்லி அனுப்புவார். பழுப்பு, பிறகு மங்கிய மஞ்சள், பிறகு பழைய வெண்மை. திருமணத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.