நிறைந்த தொட்டியும் வராத குறுஞ்செய்தியும்: சென்சார் குப்பைத் தொட்டியுடன் 14 மாதங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகே நாங்கள் நடத்தும் விடுதியின் பின்கட்டில், மூடியின் உட்புறத்தில் மீயொலி சென்சார் பொருத்திய குப்பைத் தொட்டி ஒன்றைப் 14 மாதங்களாகப் பயன்படுத்துகிறோம். மூடியிலிருந்து கிளம்பும் ஒலி குப்பையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, குறித்த அளவுக்கு நிறைந்ததும் தூய்மைப் பணியாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதே இதன் வேலை. சென்சாரிலிருந்து தொட்டியின் அடி 100 செ.மீ. ஆழம். குப்பை சென்சாருக்கு 15 செ.மீ. தூரம்வரை நெருங்கும்போது செய்தி போகுமாறு முதலில் அமைத்திருந்தோம்.

முதலில் இருந்தது HC-SR04 வகை சென்சார். ஒலியை அனுப்பவும் கேட்கவும் தனித்தனியே உள்ள அதன் இரண்டு கண்களும் திறந்த வலையோடு இருப்பதால், எட்டாவது மாதத்தில் உப்புக்காற்றில் அரித்துப்போனது. அதற்குப் பதிலாக நீர்புகாத JSN-SR04T வகையைப் பொருத்தினோம். அமைப்பில் வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு வாரம் கழித்து, எங்கள் பணியாளர் அக்கா, "சார், மெசேஜே வரலை, ஆனா தொட்டி நெறஞ்சு வழியுது" என்றார். அவர் நேரில் பார்த்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பதிவேட்டைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. தூரம் 34, 28, 24 என்று ஒழுங்காகக் குறைந்து வந்து, அடுத்து திடீரென்று 36 ஆகியிருந்தது. நீர்புகாத வகையில் ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே தகடு என்பதால், அனுப்பிய அதிர்வு அடங்கும்வரை அதனால் எதிரொலியைக் கேட்க முடியாது. ஆகவே ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ.க்குள் இருப்பது அதற்குக் குருட்டுப் பகுதி. குப்பை 18 செ.மீ.யில் இருந்தபோது முதல் எதிரொலியைத் தவறவிட்டு, மூடிக்கும் குப்பைக்கும் இடையே இரண்டாவது முறை போய்வந்த ஒலியைப் பிடித்து, 36 என்று காட்டியிருக்கிறது. பழைய சென்சார் 2 செ.மீ. வரை அளக்கும் என்பதால் 15 என்ற எல்லை அதற்குச் சரியாக இருந்தது. புதியதற்கு அது எட்டவே முடியாத எல்லை.

இப்போது எல்லையை 30 செ.மீ. ஆக்கிவிட்டோம். தொட்டி 70 சதவீதத்திலேயே அழைப்பு வருவதால் விடுமுறை நாட்களில் அக்காவுக்கு ஒரு நடை கூடுகிறது. வழிந்த குப்பையை அள்ளுவதைவிட அது மேல் என்று அவரே சொல்கிறார். ஒருமுறை 30க்குக் கீழே போய்விட்டால், 80க்கு மேல் காட்டும்வரை தொட்டி நிறைந்தே இருப்பதாகக் கொள்ளவும், எதிரொலியே கிடைக்காவிட்டால் காலியென்று எண்ணாமல் செய்தி அனுப்பவும் அமைத்தோம்.

சாய்ந்து நிற்கும் வாழை இலையால் வந்த பொய் அழைப்புகளுக்கு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று அளவுகளும் ஒத்திருந்தால் மட்டும் அனுப்புவது போதுமானதாக இருந்தது. வெயிலால் ஒலியின் வேகம் மாறுவது 30 செ.மீ.யில் ஒரு செ.மீ.கூட வராது என்பதால் அதைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமைதோறும் அக்கா சென்சாரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தொட்டிக்குள் சரியாக 28 செ.மீ. கீழே ஒரு பலகையை அரைமணி நேரம் வைத்து மூடி, குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்க்கிறார்.