நீந்தத் தெரிவதும் நீச்சலைப் பற்றித் தெரிவதும்

“நீந்துவது எப்படி என்று எனக்குத் தெரியும், ஆனால் நீந்தத் தெரியாது” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதில் முரண் எதையும் காண்பதில்லை. அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், தண்ணீரில் இறங்கியதில்லை என்று புரிந்துகொள்கிறோம். இவ்விரண்டு அறிவும் வேறு வேறா, அல்லது இரண்டாவதும் முதலாவதன் ஒரு வகைதானா என்பதே மெய்யியலாளர்களின் வழக்கு.

வேறு வேறு என்று வாதிட்டவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கில்பர்ட் ரைல். 1945இல் அரிஸ்டாட்டிலியச் சங்கத்தில் தலைமையுரையாகவும், 1949இல் மனத்தைப் பற்றிய தம் நூலிலும் இதை முன்வைத்தார். அவருடைய வாதம் எளியது. ஒரு செயலைத் திறமையாகச் செய்ய வேண்டுமானால், அதற்குமுன் அதற்கான விதியை மனதில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்ப்பதும் நன்றாகவோ மோசமாகவோ செய்யக்கூடிய ஒரு செயல்தான். ஆகவே அதற்கும் முன்னால் இன்னொரு விதியை எண்ண வேண்டும், அதற்கும் முன்னால் வேறொன்றை. இப்படியே போனால், நீந்துபவர் முதல் தடவை கை வீசுவதற்குள் மூழ்கிவிடுவார்.

இரண்டும் ஒன்றே என்னும் எதிர்த்தரப்பை 2001இல் வலுவாக எடுத்துவைத்தவர்கள் ஜேசன் ஸ்டான்லியும் திமத்தி வில்லியம்சனும். நீந்தத் தெரிவது என்பது, ஏதோ ஒரு முறையைக் குறித்து ‘இது நான் நீந்துவதற்கான வழி’ என்று அறிந்திருப்பதுதான் என்பது அவர்கள் கொள்கை. பிடியைத் திருகினால் கதவு திறக்கும் என்பதை மனதுக்குள் சொல்லிக்கொண்டா கதவைத் திறக்கிறோம்? எண்ணிப் பார்க்காமலே ஒரு தகவலறிவு செயலில் வெளிப்படலாம் என்றால், ரைலின் முடிவில்லாச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. என் கணிப்பில் இந்த மறுப்பு சரியானது. ரைலின் வாதத்தை மட்டும் நம்பி அவர் பக்கம் நிற்க இயலாது.

ஆனால் வழக்கு அத்துடன் முடிவதில்லை என்பதைத் தண்ணீருக்கருகே சென்றால் காணலாம். மூச்சு நிறைந்திருக்கையில் பெரும்பாலானோரின் உடல் தண்ணீரைவிடச் சற்றே இலேசாக இருக்கிறது. முழுக்க வெளியே விட்டால் பலர் மூழ்கத் தொடங்குவார்கள். தண்ணீருக்கு வெளியே தூக்கிய ஒவ்வொரு லிட்டர் பருமனுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ தாங்குவிசை குறைகிறது. எனவே தலையை உயர்த்தினால் இடுப்பும் காலும் தாழும். பயிற்சியாளர் இதைக் கரையிலேயே விளக்குகிறார், மாணவரும் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறார். தண்ணீரில் விட்டதும் மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிறார், கால் தாழ்கிறது, பயத்தில் இன்னும் உயரத் தூக்குகிறார். அவருக்குத் தெரியாத தகவல் ஒன்றுமில்லை. அவரிடம் இல்லாதது, கழுத்தை இறுக்காமல் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கும் பழக்கம்.

நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். நீந்துபவர்கள் வெளிமூச்சில் நுரையீரலை முழுக்கக் காலி செய்யாமலும், உள்மூச்சில் வழக்கத்தைவிட அதிகம் நிரப்பியும் தங்களை மிதக்கவைத்துக்கொள்கிறார்கள் என்றும், அவர்களில் பலருக்கு இது தெரியாது என்றும் மெய்யியலாளர் மைக்கேல் பொலானி 1958இல் எழுதினார். தகவல் முழுதாக இருந்தும் திறமை இல்லாதவர் ஒருபுறம், திறமை இருந்தும் தகவலை அறியாதவர் மறுபுறம்.

கரையில் நின்ற மாணவருக்கும் ‘இது நீந்தும் வழி’ என்று தெரியுமே என்று கேட்டால், அந்த வழியை அவர் ‘செயல்முறைப் பாங்கில்’ அறியவில்லை என்கிறது ஸ்டான்லி–வில்லியம்சன் தரப்பு. எனக்கு இங்கேதான் தயக்கம். அந்தப் பாங்கு எது என்று விளக்கச் சொன்னால், நீந்தும்போது உடலை ஆளும் திறன் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வது கடினம். தகவலாகக் கரைத்துவிட்டதாகச் சொன்ன திறமை வேறொரு பெயரில் திரும்பி வந்துவிடுகிறது.

அவர்களுடைய இன்னொரு ஆதாரம் ஆங்கில வாக்கிய அமைப்பு. அந்த மொழியில் நீந்தத் தெரியும் என்பதைச் சொல்லவே ‘எப்படி’ என்னும் வினாச்சொல் வேண்டும். எங்கே, எப்போது என்று அறிவதைப் போல இதுவும் ஒரு விடையை அறிவதாகத் தோன்றும். பிரெஞ்சில் அந்த வினாச்சொல் இல்லாமலே சொல்கிறார்கள் என்று இயன் ரம்ஃபிட் 2003இல் எடுத்துக்காட்டினார். தமிழிலும் அப்படித்தான், ‘நீந்தத் தெரியும்’ என்பதில் ‘எப்படி’யும் இல்லை, ‘என்று’வும் இல்லை. வாக்கிய அமைப்பை மட்டும் வைத்து அறிவின் இயல்பைத் தீர்மானிக்க முடியாதுதான், ஆனால் அந்த எச்சரிக்கை ஆங்கிலத்துக்கும் பொருந்தும்.

அதே தமிழ் ரைலின் பக்கத்தையும், அதாவது திறமையைத் தகவலாக அன்றி ஓர் ஆற்றலாகக் காண்பவர்களையும், சீண்டுகிறது. தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கும் நீச்சல் வீரரைப் பற்றி, ‘நீந்த முடியாது’ என்போமே தவிர ‘நீந்தத் தெரியாது’ என்று சொல்ல மாட்டோம். ஆகவே நீந்தத் தெரிவது வெறும் இயலுமையும் அன்று. திறமையை ஆற்றலோடு ஒன்றாக்கிவிடுபவர்கள் இந்த வீரருக்கு என்ன பதில் சொல்வது என்பதில் இன்னும் தடுமாறுகிறார்கள்.