பையரின் அம்மா இறந்துவிட்டார்: மூன்று இரங்கல் மெயில்களில் எதை அனுப்புவது?

உற்பத்தி தொடங்கும் முன் பார்வைக்கு அனுப்பும் பிபி சாம்பிளின் ஒப்புதல் என்ன ஆயிற்று என்று கேட்டு, நம்மிடம் ஆடை வாங்கும் மான்செஸ்டர் பையருக்கு மெயில் போடுகிறீர்கள், தானியங்கிப் பதில் வந்து விழுகிறது: குடும்பத்தில் ஒரு மரணம், விடுப்பில் இருக்கிறேன், அவசரம் என்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும். சாயங்காலத்துக்குள் அவர்கள் அலுவலகத்திலிருந்து இன்னொருவர் சொல்லிவிடுகிறார், இறந்தது அவருடைய அம்மா என்று. திருப்பூரில் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இது எப்போதாவது வந்தே தீரும். வாரம் தவறாமல் மெயில் போட்டுப் பேசுகிற ஆள், ஆனால் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்க முடியாத தூரம். அப்புறம் நடுவில் ஒரு ஆர்டர் வேறு நிற்கிறது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் எழுதுவது பெரும்பாலும் மூன்று மாதிரிதான். மெயில் ஆங்கிலத்தில் போகும், இங்கே சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

முதல் மாதிரி, கம்பெனி பெயரில் போகும் இரங்கல்:

"தங்கள் தாயார் மறைந்த செய்தியறிந்து எங்கள் நிறுவனம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. நிர்வாகத்தின் சார்பிலும் ஊழியர்கள் சார்பிலும் தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்."

இதில் தப்பான வார்த்தை ஒன்றும் கிடையாது. நேரில் பார்க்காத ஒரு கம்பெனித் தலைவருக்கு நம் முதலாளி எழுதுகிறார் என்றால் இதுவே சரி, கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு. ஆனால் நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாயம் தோய்த்து அனுப்பிய லேப் டிப் மாதிரித் துணியின் நிறம் ஒரு ஷேடு தூக்கலாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்த ஆளுக்கு, இன்றைக்குத் திடீரென்று 'எங்கள் நிறுவனம்' எழுதினால், அவர் வாழ்க்கையில் மோசமான வாரத்தில் நீங்கள் ஒரு அடி பின்னால் போய் நின்ற மாதிரி இருக்கும். அந்தக் கடைசி வரிக்கும் காரணம் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிந்திருக்கிறார்கள். ஆன்மா, இறைவன், பிரார்த்தனை எல்லாம் நமக்கு ஆறுதல். அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் 'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன்' என்று எழுதுங்கள், தெரியாவிட்டால் 'உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்' போதும், அது யாருக்கும் உறுத்தாது.

இரண்டாவது மாதிரி மனசிலிருந்து வருவது, அதனால்தான் இதில் சறுக்குவது சுலபம்:

"கேட்டதும் கை கால் ஓடவில்லை. எப்படி ஆயிற்று? உடம்பு சரியில்லாமல் இருந்தாரா? போன வருடம் என் அப்பா இறந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மூன்று மாதம் தூக்கம் கிடையாது. காலம்தான் மருந்து. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்."

நம் ஊர்த் துக்க வீட்டில் 'எப்படி ஆச்சு?' என்று கேட்பதுதான் மரியாதை. கேட்டவுடன் அவர்கள் சொல்வார்கள், சொல்லச் சொல்லக் கொஞ்சம் இறங்கும், நாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அதே கேள்வியை மெயிலில் கேட்டால் அவர் தனியாக உட்கார்ந்து, அம்மா எப்படி இறந்தார் என்பதை ஒரு சப்ளையருக்கு டைப் அடிக்க வேண்டும், அல்லது பதில் போடாமல் விட்டுவிட்டு அதற்காக வேறு சங்கடப்பட வேண்டும். ஆகவே மெயிலில் கேள்விக்குறி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கட்சி. நம் சொந்தத் துக்கத்தைச் சொல்வதும் அப்படித்தான், படித்து முடித்ததும் அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடுகிறது. மிக நெருக்கம் என்றால் 'எனக்கும் இது நடந்திருக்கிறது' என்று ஒரே வரி, அதற்கு மேல் வேண்டாம். 'எந்த உதவி வேண்டுமானாலும்' என்ற வரி நல்லெண்ணம்தான், ஆனால் என்ன உதவி என்று யோசிக்கிற வேலையையும் அவர் தலையிலேயே வைக்கிறது.

மூன்றாவது மாதிரி, நான் அனுப்பச் சொல்வது:

"உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு மிகவும் வருந்துகிறேன். போன முறை இங்கே வந்திருந்தபோது அவருக்குப் பிடித்த நீலத்தில் ஒரு பருத்திச் சால்வை வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினீர்கள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆர்டர் வேலைகளை உங்கள் டீமோடு பேசிக்கொள்கிறேன், உங்களிடமிருந்து இப்போது எதுவும் தேவையில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம். உங்களையும் குடும்பத்தினரையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

ஐந்தே வாக்கியம். முதல் வாக்கியத்தில் 'அம்மா' என்றும் 'இறந்துவிட்டார்' என்றும் நேராக இருக்கிறது, சுற்றி வளைக்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது, இந்த மெயிலுக்கு உயிரே அதுதான். அப்படி ஒரு நினைவு இல்லையென்றால் தயவுசெய்து உண்டாக்காதீர்கள், 'நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் அவரைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு பாசம் என்று தெரியும்' என்பதே உண்மையாக இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், நான்கு வாக்கிய மெயிலும் நல்ல மெயில்தான். இன்னொன்று, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தால், அதைத் தொட்டு எழுதாதீர்கள். அலுவலக மெயிலை அவர் விடுப்பில் இருக்கும்போது வேறொருவர் திறந்து பார்க்கக்கூடும்.

இனி ஆர்டர் விஷயம், உண்மையான சண்டை இங்கேதான். இரங்கல் மெயிலில் தொழில் வாசனையே வரக் கூடாது என்று ஒரு கட்சி, ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது என்று இன்னொரு கட்சி. நான் பார்ப்பது அந்த வரி அவரிடம் எதையாவது கேட்கிறதா, அவர் மேலிருந்து எதையாவது இறக்கி வைக்கிறதா என்பதை மட்டும்தான். 'உங்கள் டீமோடு பேசிக்கொள்கிறேன்' என்பது இறக்கி வைப்பது, ஏனென்றால் விடுப்பில் இருக்கிற ஆளுக்கும் அந்த சாம்பிள் மனசின் ஓரத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். 'முடிந்தபோது ஒப்புதல் மட்டும் அனுப்பிவிடுங்கள்' என்பது எவ்வளவு பணிவாக எழுதினாலும் கேட்பதுதான்.

கேட்க வேண்டியதைத் தானியங்கிப் பதிலில் இருந்த நபரிடம் தனி மெயிலில் கேளுங்கள். துணி ரெடி, கட்டிங் போட ஆறு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இப்படி: "பிபி சாம்பிள் சென்ற வாரம் அனுப்பியாயிற்று, ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் ஷிப்மென்ட் தேதி மாறாது. தாமதமானால் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று சொல்கிறேன். இந்த மெயில் தொடரில் அவரைச் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." அந்த நபருக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இல்லையென்றால் அவருடைய மேலாளரிடம் போங்கள். அங்கும் கதவு மூடியிருந்தால் இரண்டு நாள் பொறுத்து, தேதி நீட்டிப்பை மேலாளரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவை இழந்தவரிடம் நேராகப் போய் நிற்பதைவிட நான்கு நாள் தாமதம் மலிவு.

அனுப்பும் முன் சில சின்ன விஷயங்கள். பழைய ஆர்டர் மெயிலுக்கு ரிப்ளை அடித்து இரங்கல் எழுதாதீர்கள், செல்போனில் முதலில் தெரிவது ஆர்டர் எண்ணும் 'பிபி சாம்பிள் நிலுவை' என்பதும்தான். புது மெயில், தலைப்பில் 'உங்கள் அம்மாவுக்கு அஞ்சலி' என்று மட்டும். சிசி யாரும் வேண்டாம், ஒருவரைச் சேர்த்தால் அவர் ரிப்ளை ஆல் அடிப்பார், அப்புறம் ஒரே வரி இரங்கல்கள் வரிசையாக வந்து குவியும். கையெழுத்துக்குக் கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் கண்காட்சி ஸ்டால் விளம்பரத்தையும் சான்றிதழ் லோகோக்களையும் எடுத்துவிட்டுப் பேரை மட்டும் போடுங்கள். பணம் பாக்கி நினைவூட்டல் அக்கவுண்ட்ஸிலிருந்து தானாகப் போகிறதா என்று கட்டாயம் பார்த்து நிறுத்துங்கள், எத்தனை அழகான மெயில் எழுதினாலும் மறுநாள் காலை அந்த நினைவூட்டல் போனால் முந்தையதை அழித்துவிடும்.

எப்போது அனுப்புவது? கேள்விப்பட்ட அன்றோ மறுநாளோ. ஆனால் அதற்குப் பிறகு நம் கணக்கு அங்கே பொருந்தாது. நமக்கு மரணம் என்றால் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவோம். இங்கிலாந்தில் இறுதிச் சடங்கு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும், மரண விசாரணை ஏதாவது இருந்தால் இன்னும் தள்ளும். அப்பா அம்மா இறந்ததற்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று அங்கே சட்டக் கட்டாயம் இல்லை, கம்பெனி என்ன தருகிறதோ அதுதான். ஆகவே அவர் அடுத்த திங்கட்கிழமையே மேஜைக்கு வந்துவிடலாம், நீங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பழைய வேகத்தில் பத்து மெயில் தட்டலாம், அவருக்கோ சடங்கே அதற்கடுத்த வாரம்தான். வந்ததும் முதல் மெயிலில் 'மறுபடி உங்களோடு பேசுவதில் சந்தோஷம், நிலுவையில் உங்கள் முடிவு தேவைப்படுவது இந்த இரண்டு மட்டும்தான், இரண்டுக்கும் அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது' என்று தொடங்குங்கள். சடங்கு எப்போது என்று டீமில் யாராவது சொன்னால் அந்த நாளில் எந்த மெயிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூ அனுப்புவதாக இருந்தால் முதலில் டீமில் விசாரியுங்கள், பூவுக்குப் பதிலாக ஏதாவது அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுங்கள் என்று குடும்பமே கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

இதே இழப்பு ஈரோட்டில் நூல் சப்ளையருக்கோ மதுரை டீலருக்கோ என்றால் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். மெயில் இங்கே இரண்டாம் பட்சம், முதலாளியே போன் செய்ய வேண்டும், முடிந்தால் நேரில் போக வேண்டும், அங்கே 'எப்படி ஆச்சு' என்று தாராளமாகக் கேட்கலாம். காரியம் பதினாறாம் நாளா பதிமூன்றாம் நாளா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது முடிகிற வரை பில் பாக்கி பேச்சே எடுக்காதீர்கள். முஸ்லிம் வீடு என்றால் அடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும், துக்கம் விசாரிக்க முதல் மூன்று நாளுக்குள் போய்விடுவது நல்லது. இறந்தது கணவர், தொழிலை இனி மனைவி பார்க்கப் போகிறார் என்றால், அவருக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்க காலம் இருக்கும், அந்தக் காலத்தில் நேரில் சந்திப்பு கேட்காமல் போனிலோ மெயிலிலோ முடித்துக்கொள்ளுங்கள்.