சுகர் அளவு குறிக்க: நோட்டா, போன் ஷீட்டா?

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குளுக்கோமீட்டர் இருக்கிறது. எதில் குறிப்பது என்பதில்தான் குழப்பம்.

செலவு: நோட்டுக்குப் பத்து இருபது ரூபாய். ஷீட் இலவசம். (ஸ்ட்ரிப் செலவு இரண்டிலும் ஒன்றுதான்!)

கட்டம்: இரண்டிலும் தேதி, வெறும் வயிறு, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து என மூன்று. மேலே இலக்கு: பொதுவாக வெறும் வயிற்றில் 80–130, சாப்பாட்டுக்குப் பின் 180-க்குக் கீழ். டாக்டர் வேறு சொன்னால் அதுதான்.

குறிப்பு: நோட்டில் "ராத்திரி பரோட்டா" என்று ஓரத்தில் கிறுக்கலாம். போனில் அந்தப் பொறுமை பலருக்கு வராது.

வாரச் சராசரி: ஷீட் தானே போடும், `=AVERAGE(B2:B8)`. ஆனால் பார்க்காத நாளில் 0 போடாதீர்கள். ஆறு நாள் கூட்டல் 721 என்றால் சராசரி 120. ஏழாவது கட்டத்தில் 0 இருந்தால் 103 என்று காட்டும். காலியாக விட்டால் கணக்கு சரி. வெறும் வயிற்றையும் சாப்பாட்டுக்குப் பிந்தியதையும் கலந்து சராசரி எடுக்கவும் கூடாது. சராசரி நன்றாக இருந்தாலும் நடுவில் ஒரு 62 ஒளிந்திருக்கலாம். 70-க்குக் கீழ் எது வந்தாலும் வட்டமிடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நோட்டு. பிள்ளைகள் வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஷீட்.