பவர்லைன் அடாப்டரில் மூன்றாவது விளக்கு எரியவில்லையா? இரண்டாவது ஜோடி வாங்கிவிடாதீர்கள்

மொத்தம் 12,100 ரூபாய். முதல் ஜோடி 4,200, இரண்டாவது ஜோடி 7,400, ஆள் வந்து பார்த்ததற்கு 500. இவ்வளவும் கொடுத்த பிறகும் எங்கள் மாடி அறைக்கு இன்டர்நெட் வரவில்லை. பிறகு அது வந்தது, ஒரு ரூபாய்கூடச் செலவாகாமல், முதலில் வாங்கிய அந்த ஜோடியிலேயே. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடு மதுரையில். கீழே ஹாலில் ஃபைபர் ரவுட்டர், மாடியில் கடைசி அறையில் நான் வேலை பார்க்கிறேன். நடுவில் கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும் இருப்பதால் வைஃபை அங்கே போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். சுவரைத் துளைத்து கேபிள் இழுக்க அம்மாவுக்கு மனமில்லை, போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம். சரி, வீட்டு மின் வயரையே நெட்வொர்க் கேபிளாகப் பயன்படுத்தும் பவர்லைன் அடாப்டர் வாங்கலாம் என்று கம்ப்யூட்டர் உதிரி பாகம் விற்கும் கடைக்குப் போனேன். "எந்த பிளக்ல சொருகினாலும் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். வீட்டில் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

கடைப் பையன் வந்தான். ஒன்றைக் கீழே ரவுட்டர் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினான், இன்னொன்றை என் மேசைக்கடியில் இருந்த ஸ்பைக் பஸ்டரில். இரண்டிலும் பவர் விளக்கு எரிந்தது. கேபிள் மாட்டியதும் ஈதர்நெட் விளக்கும் எரிந்தது. மூன்றாவது விளக்கு, வீட்டுப் படம் போட்டது, இரண்டு அடாப்டரும் ஒன்றோடொன்று சேர்ந்தால் எரிய வேண்டியது, எரியவே இல்லை. "பீஸ் வீக் சார், இதவிடப் பெரிய மாடல் போட்டாதான் உங்க வீட்டுக்குத் தாங்கும்" என்றான். மறுநாள் வேகம் 600-க்குப் பதில் 1200 என்று எழுதிய ஜோடியோடு வந்தான். அதிலும் அதே கதை. மூன்றாவது முறை ஒரு 'சீனியர்' வந்து, லேப்டாப் கேபிளைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது அடாப்டரில் ஒரு விளக்குகூட இல்லை. "போச்சு சார், உங்க வயரிங் பழசு, பீஸைச் சுட்டுடுச்சு. வீட்டு வயரிங்கையே மாத்தணும்" என்றார். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றும் சுடவில்லை. பல மாடல்களில், ஈதர்நெட் பக்கம் எதுவும் ஓடாமல் சுமார் ஐந்து நிமிடம் இருந்தால் அடாப்டர் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிப்போகும். கேபிளை மாட்டி லேப்டாப்பை எழுப்பினால் அதுவும் எழுந்துகொள்ளும். பெட்டிக்குள் இருந்த கையேட்டிலேயே இது இருக்கிறது.

அன்று இரவு கையேட்டை முழுசாகப் படித்தேன். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்றுதான். இரண்டு அடாப்டரையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, ஒரே சுவிட்ச் போர்டில் பக்கத்துப் பக்கத்து பிளக்கில் நேராகச் சொருக வேண்டும். நடுவில் எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாது. அங்கே மூன்றாவது விளக்கு எரிந்தால் பீஸ் நன்றாக இருக்கிறது, குறை வயரிங் பாதையில். அங்கேயும் எரியவில்லை என்றால் வயரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறை பீஸில் இருக்கலாம், அல்லது இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தக் கடைக்காரர் "பீஸ் வீக்" என்றாலும் நம்பாதீர்கள்.

நான் முதல் ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எரியவில்லை! ஒரு சாண் வயர்கூட நடுவில் இல்லை, அப்படியும் இருட்டு. அப்போதுதான் அட்டைப்பெட்டியைக் கவனித்தேன். ஓரத்தில் பழைய டேப் கிழித்த தடம், அதன் மேல் புது டேப். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த ஜோடியைப் புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அது ஏன் விளக்கைத் தடுக்கிறது என்றால், ஒவ்வொரு அடாப்டரும் ஒரு ரகசியச் சாவியை வைத்திருக்கும், ஒரே சாவி இருப்பவை மட்டும்தான் பேசிக்கொள்ளும். ஹோம்பிளக் வகை அடாப்டர்கள் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் ஒரே பொதுச் சாவியோடு வருவதால் சொருகியதும் சேர்ந்துவிடும். முன்பு வாங்கியவர் பட்டனை அழுத்திச் சாவியை மாற்றியிருந்தால், அதுவும் ஒன்றில் மட்டும் மாற்றியிருந்தால், அவை எத்தனை நாள் பக்கத்தில் இருந்தாலும் சேராது.

இதற்கு மருந்து அந்தச் சின்ன பட்டன்தான். அதில் ஆங்கிலத்தில் 'Pair' என்று எழுதியிருப்பதை நான் 'பேர்' என்று சத்தமாகப் படிக்க, "யார் பேருடா?" என்று அம்மா கேட்டார். முதலில் இரண்டையும் ரீசெட் செய்தேன். சிலவற்றில் ஊசி போகும் துளை இருக்கும், சிலவற்றில் இதே பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் பிடித்தால் பழைய சாவி போகும். பிறகு முதலாவதில் பட்டனை ஒரு விநாடி அழுத்தி விட்டதும் பவர் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு நிமிடத்துக்குள் இரண்டாவதிலும் அதேபோல ஒரு விநாடி அழுத்த வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எரியவில்லையே என்று பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள், அது சேர்வதற்குப் பதில் சாவியை மறுபடி மாற்றிவிடும். சரியாகச் செய்ததும் ஒரு நிமிடத்துக்குள் மூன்றாவது விளக்கு பச்சையாக எரிந்தது. சேர்த்து முடித்ததும் கழற்றி எங்கே கொண்டுபோய்ச் சொருகினாலும் சாவி மறக்காது.

பீஸ் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. அடுத்து ஒன்றைக் கீழே ஹாலிலேயே விட்டுவிட்டு, மற்றதையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிளக்காக நடந்தேன். சமையலறையில் பச்சை. மாடி ஹாலில் சிவப்பு, அதாவது இணைப்பு உண்டு ஆனால் பலவீனம். என் அறையில் இருட்டு. சொருகுவதற்கு முன் பிளக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜர் ஏறுகிறது என்பது மட்டும் போதாது. இந்த அடாப்டர் கனமானது, தேய்ந்த பிளக்கில் தொங்கி ஆடும், ஆடினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். என் அறையில் ஒரு பிளக்கில் பழுப்பாகக் கருகிய தடம் இருந்தது, அதில் எதையும் சொருகாமல் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். இரண்டு முள் வெளிநாட்டு பிளக்கோடு வந்த மாடலை டிராவல் அடாப்டர் போட்டுச் சொருகுவதும் இதே ஆட்டத்தைக் கொடுக்கும், எர்த்தும் போய்விடும்.

மாடி ஹால் ஏன் சிவப்பு என்பது கீழே போனபோது தெரிந்தது. கீழ் அடாப்டரைச் சுவர் பிளக்கில்தான் போட்டிருந்தேன், ஆனால் ரவுட்டருக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுவும் ஒரு ஸ்பைக் பஸ்டர்தான், அதற்கு ஒட்டினாற்போல அடுத்த பிளக்கில் இருந்தது. அதைப் பிடுங்கினேன். மாடி ஹாலில் விளக்கு பச்சைக்கு மாறியது. திரும்பச் சொருகினால் சிவப்பு. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இதேதான் நடந்தது.

காரணம் எளிது. வீட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை மாறுகிறது. அடாப்டர் அனுப்பும் சிக்னல் அதன் மேல் ஏறி 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் மின்தேக்கியும் வாரிஸ்டரும் அந்த மாதிரி வேகமான துடிப்பைக் குறுக்கே உறிஞ்சத்தான் வைக்கப்பட்டவை. அவற்றுக்கு இரைச்சல் எது, நம் இன்டர்நெட் எது என்று தெரியாது. அடாப்டரை அதற்குள்ளேயே சொருகினால் சிக்னல் சுவரை எட்டுவதற்குள் தின்றுவிடும். பக்கத்து பிளக்கில் இருந்தாலும் பாதியைத் தின்னும். நடுவில் வயர் நீளம் கூடக் கூட இந்தப் பாதிப்பு குறையும், அதனால் ஸ்பைக் பஸ்டரை வேறு போர்டுக்கு, முடிந்தால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மாற்றிவிடுங்கள். வேறு போர்டு இல்லையென்றால், அடாப்டரின் முகத்திலேயே பிளக் துளை உள்ள மாடல் வாங்கி, ஸ்பைக் பஸ்டரை அதன் மேல் சொருகுங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருப்பதால் உறிஞ்சல் வயருக்குள் வராது.

என் அறை மட்டும் இன்னும் இருட்டாகவே இருந்தது, ஸ்பைக் பஸ்டரைக் கழற்றிய பிறகும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "உன் ரூம்ல ஏசி இருக்குல்ல? ஏசிக்காக அந்த ரூமை வேற பேஸ்ல போட்டேன்டா தம்பி, நான்தானே போட்டேன்" என்றார். எங்களுடையது த்ரீ பேஸ் இணைப்பு, அதாவது ஆர், ஒய், பி என்று மூன்று தனி மின் லைன். ஹால், சமையலறை எல்லாம் ஆர் பேஸ், என் அறை ஒய் பேஸ். இரண்டு வயரும் வீட்டுக்குள் எங்கேயும் தொட்டுக்கொள்வதில்லை. வயர்கள் ஒரே குழாயில் ஒட்டி ஓடும் வீடுகளில் சிக்னல் கசிந்து தாண்டுவதும் உண்டு, எங்கள் வீட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நம் ஊரில் பல வீடுகளில் இருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்ச் இங்கே கைகொடுத்தது. ஏசியை அணைத்துவிட்டு, அண்ணன் என் அறைக்கான சுவிட்சை ஆர் பேஸுக்குத் திருப்பினார். மாடியிலிருந்து அம்மா, "எரியுதுடா!" என்று கத்தினார். ஏசியோடு சேர்த்து மொத்த லோடும் ஒரு பேஸில் ஏறக் கூடாது என்பதால், ஏசியை ஒய் பேஸிலேயே விட்டு, அறையின் பிளக் லைனை மட்டும் போர்டுக்குள் ஆர் பேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். போர்டைத் திறப்பது அவர் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள். காசு கேட்டதற்கு, "டீ வாங்கிக் குடு" என்றார். பெட்டியில் ஒரு எம்.சி.பி.யை மட்டும் இறக்கி எந்தெந்த அறை இருட்டாகிறது என்று பார்த்தால் எந்த பிளக் எந்த எம்.சி.பி.யில் இருக்கிறது என்று ஓரளவு புரிந்துவிடும், ஆனால் எந்த பேஸ் என்பதை எலக்ட்ரீஷியனிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது என் மேசையில் 85 முதல் 90 எம்.பி.பி.எஸ். வருகிறது. அதற்கு மேல் வராது. பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இந்த மாடலின் ஈதர்நெட் போர்ட் வெறும் 100-தான். இதையும் கடையில் சொல்லவில்லை.

7,400 ரூபாய் ஜோடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஓப்பன் பண்ண பீஸை எடுக்க முடியாது சார்" என்றார் கடைக்காரர். எனக்கு விற்ற முதல் பெட்டியின் இரட்டை டேப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று 5,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதினார். அதை வாங்கவில்லை. பில்லையும் டேப் படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.